நீண்ட ஆய்வுத் தலைப்பைச் சுருக்குதல்: ஒரு குறுந்தொகைக் கட்டுரையை வைத்து

மெய்ப்புப் பார்ப்பதற்காக என்னிடம் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பு இது:

> எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான குறுந்தொகையில் இடம்பெற்றுள்ள முல்லைத்திணைப் பாடல்களில் காணலாகும் கார்காலச் சூழலியல் கூறுகளும் தலைவியின் காத்திருப்பு உணர்வு வெளிப்பாடும்: ஓர் ஆய்வு

எண்ணிப் பார்த்தால் 17 சொற்கள். எழுதியவர் முனைவர் பட்ட ஆய்வாளர். "போன கட்டுரைக்கும் இப்படித்தான் வெச்சேன் ஐயா. என் கூடப் படிக்கிறவங்களே தேடினா கிடைக்கலைங்கிறாங்க" என்றார். கட்டுரையில் குறை ஒன்றும் இல்லை. தலைப்புதான் வாசலில் நின்று ஆளை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

தலைப்பில் கைவைக்கும் முன் கட்டுரைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். அவற்றில் முல்லைப் பாடல்களை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் வரும் அடிகளைத் தொகுத்துத் தரும் தொடரடைவில் கார், மாரி, கொன்றை, பிடவு, மஞ்ஞை போன்ற சொற்கள் வரும் அடிகளையெல்லாம் பிரித்து ஒரு பட்டியல் போட்டார். பாடல் எண், எந்த அடையாளம், யார் கூற்று, அந்த அடையாளத்தைப் பேசுபவர் ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று நான்கு பத்திகள். 21ஆம் பாடலில் கொன்றை பூத்துக் கிடக்கிறது. காடே இது கார் என்று சொன்னாலும் "யானோ தேறேன்" என்கிறாள் தலைவி, கார் வந்தால் வந்துவிடுவேன் என்று போன தலைவன் பொய் சொல்ல மாட்டான் என்பதால். 66ஆம் பாடலில் தோழி கொன்றையை மடமை உடையது என்கிறாள். வம்ப மாரியை, அதாவது பருவம் தப்பிப் பெய்த மழையை, கார் என்று நம்பிப் பூத்துவிட்டதாம். 251இல் அதே பழி மயிலுக்கு. பருவத்தின் அடையாளங்கள் சாட்சி சொல்ல வருகின்றன, பெண்கள் அந்தச் சாட்சியைத் தள்ளுகிறார்கள். கட்டுரை பேசுவது இதைத்தான். 17 சொல் தலைப்பில் இது எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அறிகுறி: முக்கியமான சொல் நான்காவதாக வருகிறது

"எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான" என்று தொடங்குவது பள்ளிக்கூடக் கட்டுரையின் பழக்கம். குறுந்தொகை எட்டுத்தொகையில் ஒன்று என்று தெரியாதவர் இந்தக் கட்டுரையைத் தேடி வரப்போவதில்லை. தெரிந்தவருக்கு அதைச் சொல்லவும் தேவையில்லை. தேடல் முடிவுப் பட்டியலில் தலைப்பின் முன்பகுதிதான் கண்ணில் படும். கைப்பேசித் திரையில் பாதித் தலைப்போடு வெட்டிவிட்டுப் புள்ளி வைத்துவிடுவதும் உண்டு. அந்த முன்பகுதியை நூலின் குலமுறை கிளத்தலுக்குச் செலவழித்தால் நூலின் பெயரே மறைந்துபோகும்.

"இடம்பெற்றுள்ள", "காணலாகும்" இரண்டும் அதே கூட்டம். ஒரு பாடல் ஒரு நூலில் இடம்பெறாமல் வேறு எங்கே இருக்கும்? "வெளிப்படும்", "பற்றிய", "குறித்த" எல்லாம் பெரும்பாலும் இதே வகைதான்.

எதை வெட்டலாம் என்று சந்தேகம் வந்தால் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரு சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு, இப்போது வேறு ஏதாவது கட்டுரை இந்தத் தலைப்புக்குள் நுழைய முடியுமா என்று பார்ப்பேன். "நூல்களுள் ஒன்றான" என்பதை மறைத்தால் புதிதாக எந்தக் கட்டுரையும் நுழையாது. "முல்லை"யை மறைத்தால் மற்ற நான்கு திணைப் பாடல்களும் உள்ளே வந்துவிடும். முதலாவது போகலாம், இரண்டாவது போகக் கூடாது. "திணை" என்ற சொல்லும் இந்தச் சோதனையில் தோற்றது. முல்லைப் பாடல் என்றாலே திணைதான்.

இப்போது 12 சொற்கள்:

> குறுந்தொகை முல்லைப் பாடல்களில் கார்காலச் சூழலியல் கூறுகளும் தலைவியின் காத்திருப்பு உணர்வு வெளிப்பாடும்: ஓர் ஆய்வு

அறிகுறி: தலைப்பில் இரண்டு "உம்" இருக்கிறது

"கூறுகளும்... வெளிப்பாடும்" என்று இரட்டை மாடு பூட்டிய தலைப்புகள் தமிழ் ஆய்விதழ்களில் ஏராளம். இதற்குக் காரணம் பொதுவாக இரண்டில் ஒன்று. உண்மையிலேயே இரண்டு கட்டுரைகள் ஒன்றாக ஒட்டிக்கிடக்கலாம். அப்படியானால் தலைப்பைச் சுருக்கிப் பயனில்லை, கட்டுரையைத்தான் பிரிக்க வேண்டும். இல்லையென்றால், இரண்டாவது பாதி முதல் பாதிக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

எது என்று கண்டுபிடிக்க அவருடைய பட்டியலைப் பார்த்தேன். காத்திருப்பு உணர்வுக்கென்று தனியாக ஒரு பத்தி அதில் இல்லை. ஏற்பதும் மறுப்பதும் அடையாளங்களைப் பற்றியவை, அந்த மறுப்பில்தான் காத்திருப்பு தெரிகிறது. போதாக்குறைக்கு, முல்லையின் உரிப்பொருளே இருத்தல். தலைவன் வருவான் என்று ஆற்றியிருப்பதுதான் முல்லை. "முல்லை" என்று எழுதிவிட்டு "தலைவியின் காத்திருப்பு" என்றும் எழுதுவது ஒரே சீட்டை இரண்டு முறை எடுப்பது போல.

இந்த இடத்தில் அவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "அப்படிப் பார்த்தா காரும் முல்லைக்கு உரிய பெரும்பொழுதுதானே ஐயா, அதையும் எடுத்துடலாமா?" தொல்காப்பியத்தில் "காரும் மாலையும் முல்லை" என்றே இருக்கிறது, கேள்வி சரிதான். ஆனால் முல்லைப் பாடலில் மாலை உண்டு, விருந்து உண்டு, தேர் உண்டு. அவற்றை இந்தக் கட்டுரை தொடவில்லை. கார் இங்கே பின்னணியாக நிற்கவில்லை, ஆராயப்படும் பொருளே அதுதான். விரலால் மறைத்துப் பார்த்தாலும் அப்படித்தான். "கார்கால" போனால் முல்லைப் பாடல்களின் மாலைப்பொழுது பற்றிய கட்டுரையும் உள்ளே வந்துவிடும். அதனால் அது தங்கிவிட்டது.

> குறுந்தொகை முல்லைப் பாடல்களில் கார்காலச் சூழலியல் கூறுகள்: ஓர் ஆய்வு

அறிகுறி: தலைப்பில் உள்ள பெரிய சொல் கட்டுரைக்குள் வேலை செய்யவில்லை

எட்டுச் சொல் ஆகிவிட்டதே, போதும் என்று பலரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இடித்தது "சூழலியல்".

கட்டுரைக் கோப்பைத் திறந்து கண்ட்ரோல், எஃப் அழுத்தி "சூழலிய" என்று தட்டினோம். கடைசி எழுத்தை வேண்டுமென்றேதான் விட்டேன், காரணம் பின்னால் வருகிறது. முன்னுரையில் இரண்டு இடம், முடிவுரையில் ஓர் இடம், நடுவில் ஒன்றும் இல்லை. தலைப்பில் இருக்கும் சொல் கட்டுரையின் நடுப்பகுதியில் தலைகாட்டவே இல்லை என்றால் அது ஒட்டவைத்த சீட்டு. சூழலியல் திறனாய்வு என்று ஒரு துறையே இருக்கிறது. அதற்குத் தனிக் கோட்பாடுகள், தனிக் கேள்விகள். அதைத் தேடி வருபவர் இந்தக் கட்டுரையைத் திறந்து, மனிதனுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு பற்றி ஒரு வாதமும் காணாமல் மூடிவிடுவார். கொன்றை கூறும் சாட்சியைத் தேடுபவரோ "சூழலியல்" என்ற பலகையைப் பார்த்து, நமக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவார். ஒரே சொல்லால் இரண்டு பக்கமும் நட்டம்.

நடுப்பகுதியில் அதிகம் வந்த சொல் எது என்று பார்த்தோம். "அடையாளம்". அவரே பட்டியலின் இரண்டாம் பத்திக்கு வைத்திருந்த பெயர். "அது சும்மா எனக்காகப் போட்டது ஐயா" என்றார். சும்மா போட்டதுதான் பல சமயம் சரியான சொல்லாக இருக்கும், ஏனென்றால் வேலை செய்யும்போது கைக்கு வந்தது அது. "கூறுகள்" எதையும் சொல்லாத சொல், அதுவும் போனது.

> குறுந்தொகை முல்லைப் பாடல்களில் கார்கால அடையாளங்கள்: ஓர் ஆய்வு

அறிகுறி: "ஓர் ஆய்வு" என்று முடிகிறது

ஆய்விதழில் வருவது ஆய்வு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "ஒரு பார்வை", "ஓர் அறிமுகம்", "பன்முக நோக்கு" எல்லாவற்றுக்கும் இதே பதில். ஆனால் வெறுமனே வெட்டி எறிந்துவிடாதீர்கள். அந்த இடம் ஆய்வுமுறைக்கு உரியது. முறையைச் சொல்லத் தெரியாதபோது கை தானாக "ஓர் ஆய்வு" என்று போட்டுவிடுகிறது.

மருத்துவத் துறையில் இதில் கறாராக இருக்கிறார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை என்றால் அதைத் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது கான்சார்ட் வழிகாட்டியின் முதல் விதி. நம் பக்கம் அப்படி யாரும் கேட்பதில்லை. அதனால்தான் முறை என்ன என்று கேட்டால் "விளக்கமுறை ஆய்வு" என்ற பதில் வருகிறது. அதுவும் "ஓர் ஆய்வு"தான், வேட்டி மட்டும் மாற்றியிருக்கிறது.

நான் கேட்கும் கேள்வி வேறு. மேசை மேல் என்ன இருந்தது, அதை வைத்து என்ன செய்தீர்கள்? அவர் பதில்: தொடரடைவு இருந்தது, அதிலிருந்து அடிகளை எடுத்து வகைப்படுத்தினேன். சொல்லடைவு வேறு, தொடரடைவு வேறு என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. சொல்லடைவு ஒரு சொல் வரும் இடங்களின் எண்ணை மட்டும் தரும். தொடரடைவு அந்தச் சொல் வரும் அடியையும் சேர்த்துத் தரும், எனவே யார் எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று அங்கேயே மோப்பம் பிடிக்கலாம். அவருடைய ஆய்வுக்கு இந்த வேறுபாடு முக்கியம், ஏற்பா மறுப்பா என்று பார்க்க அடி வேண்டும் அல்லவா?

> குறுந்தொகை முல்லைப் பாடல்களில் கார்கால அடையாளங்கள்: தொடரடைவு வழி ஆய்வு

ஏழு சொல்லாக இருந்தது எட்டாகிவிட்டது. பரவாயில்லை. சொல்லைக் குறைப்பது நோக்கத்தில் பாதிதான். எந்தப் பதிப்பைப் பாடமாகக் கொண்டார், எத்தனை சொற்களைத் தேடினார் என்பதெல்லாம் முறைதான் என்றாலும் அவை சுருக்கத்துக்கும் முதல் பத்திக்கும் போகட்டும்.

அறிகுறி: அழகாகச் சுருங்கிவிட்டது, ஆனால் யாருக்கும் புரியவில்லை

வெட்டும் ருசி பிடித்துவிட்டால் இது வரும். மறுநாள் காலை அவர் இரண்டு புதிய தலைப்புகள் அனுப்பியிருந்தார். ஒன்று "குறுந்தொகையில் கார்காலம்". இரண்டு "யானோ தேறேன்".

முதலாவதைத் துறைக்கு வெளியே உள்ள ஒரு நண்பரிடம் காட்டி இரண்டு கேள்வி கேட்கச் சொன்னேன். இதில் எந்தப் பாடல்கள் இருக்கும், எவை இருக்காது? எப்படி ஆராய்ந்திருப்பார்கள்? நண்பர், குறுந்தொகையில் மழை வரும் பாடல் எல்லாம் இருக்கும் என்றாராம், இரண்டாவதற்குத் தெரியாது என்றாராம். முல்லை என்ற வேலியும் போச்சு, முறையும் போச்சு. இரண்டு கேள்விக்கும் ஏறக்குறைய சரியான பதில் வரும் வரை திரும்ப நீட்ட வேண்டியதுதான்.

"யானோ தேறேன்" உண்மையில் எனக்குப் பிடித்திருந்தது. 21ஆம் பாடலின் உயிரே அந்த இரண்டு சொல். ஆனால் தலைப்பின் முன்னே அதைப் போட்டு முக்காற்புள்ளி வைத்தால், பழைய "எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான" செய்த அதே வேலையைத்தான் இதுவும் செய்யும். முன்வரிசை இருக்கையை மறைக்கும். அந்தச் சொற்களைத் தேடுபெட்டியில் தட்டுபவர், பாடலை ஏற்கெனவே அறிந்து பாடலையே தேடுபவர். மறுப்புகளைப் பேசும் பகுதிக்கு உள்தலைப்பாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அங்கே அது ஜொலிக்கிறது.

அறிகுறி: தலைப்பு சரி, இருந்தும் தேடினால் வரவில்லை

இது தமிழுக்கே உரிய தொல்லை, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. பெரிய தேடுபொறிகள் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். நூலகப் பட்டியல்களும் ஆய்விதழ்த் தளங்களின் உள்தேடலும் பல இடங்களில் எழுத்துக்கு எழுத்துதான் பார்க்கும்.

வேற்றுமை உருபு ஒட்டினால் தமிழ்ச் சொல்லின் வால் மாறும். "பாடல்" என்று தேடினால் "பாடல்கள்" கிடைக்கலாம், முன்பாதி அப்படியே இருப்பதால். "பாடலில்" கிடைக்காது. அங்கே புள்ளி வைத்த ல் இல்லை, லி தான் இருக்கிறது. கணினிக்கு அது வேறு எழுத்து வரிசை. "கார்காலம்" என்று தேடுபவருக்குக் "கார்காலத்தில்" சிக்காது, "கார்கால" என்று வாலை விட்டுத் தேடினால் இரண்டும் சிக்கும். மேலே நான் "சூழலிய" என்று நிறுத்தியதன் ரகசியம் இதுதான். ஆனால் வாசகர் எல்லாரும் வாலை வெட்டித் தேடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. முழுச் சொல்லும் அப்படியே பொருந்தினால்தான் காட்டும் தளங்களும் உண்டு. அதனால் மிக முக்கியமான பெயர் தலைப்பில் உருபு ஏற்காமல் நிற்பது நல்லது. பழைய தலைப்பில் "குறுந்தொகையில்" இருந்தது, புதியதில் "குறுந்தொகை" மட்டும். அடுத்த சொல் "முல்லை" என்று மெல்லினத்தில் தொடங்குவதால் ஒற்றும் மிகவில்லை. "முல்லைப்" என்பதில் ப் மிகுந்தே ஆக வேண்டும். தேடலுக்காக இலக்கணத்தை விட்டுவிட முடியாது. அதைத் திறவுச்சொல் பட்டியலில் "முல்லை" என்று தனியாகக் கொடுத்துச் சரிக்கட்டினோம். கொன்றையும் அங்கேதான் போனது.

அடுத்தது எழுத்துரு. இவருடைய போன கட்டுரை ஏன் கிடைக்கவில்லை என்று அந்த இதழின் பிடிஎஃப்பைத் திறந்து தலைப்பை நகலெடுத்து வெறும் உரைக்கோப்பில் ஒட்டினோம். குறுந்தொகை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது இது:

```
FWe;njhif
```

பாமினியில் தட்டச்சுச் செய்து அப்படியே அச்சாக்கியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் கிறுக்கல். எத்தனை சொல் குறைத்தாலும் இது கிடைக்காது. இதழுக்கு எழுதி, குறைந்தது தளத்தில் உள்ள தலைப்பு வரியையாவது யூனிகோடில் போடச் சொல்ல வேண்டும்.

இதைவிட நயவஞ்சகமானது, மாற்றியால் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய தலைப்பு. பார்க்க அச்சு அசலாக இருக்கும். "தொ"வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் கிடக்கலாம். சில மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. ஔவையாரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பதும் இதே குடும்பம். கண்டுபிடிக்க எளிய வழி, கோப்பில் தேடுபெட்டியைத் திறந்து "குறுந்தொகை"யைப் புதிதாகத் தட்டிப் பாருங்கள். கண்ணெதிரே இருக்கும் சொல்லை இல்லை என்று சொன்னால் இதுதான் கோளாறு. தலைப்பை அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டுங்கள். பத்து வினாடி வேலை.

அறிகுறி: ஆங்கிலத் தலைப்பு மட்டும் இன்னும் நீளமாக இருக்கிறது

பெரும்பாலான இதழ்கள் ஆங்கிலத் தலைப்பும் கேட்கின்றன. தமிழ்த் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வெட்டியதெல்லாம் திரும்பி வந்துவிடும். அங்கே கணக்கும் கொஞ்சம் வேறு. தமிழில் "எட்டுத்தொகை" வேண்டாம் என்றோம். ஆங்கிலத்தில் தேடும் அயல்மொழி ஆய்வாளருக்கு இது தமிழ் என்றாவது தெரிய வேண்டும். அதனால் ஒரு சொல் கூடுதலாக வைத்தோம்:

```
Rainy-Season Signs in the Mullai Poems of
the Tamil Kuruntokai: A Concordance Study
```

நூற்பெயரின் எழுத்துக்கூட்டல்தான் வம்பு. நம்மூரில் பலர் `Kurunthogai` என்று எழுதுவார்கள், ஆங்கில ஆய்வு நூல்களில் `Kuruntokai` அதிகம், குறியீட்டோடு எழுதினால் `Kuṟuntokai`. அடிக்கோடிட்ட `ṟ` எழுத்தை எல்லாத் தேடல்களும் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது, அதனால் தலைப்பில் குறி இல்லாத வடிவம். மற்ற இரண்டும் திறவுச்சொற்களில். தலைப்பிலேயே மூன்றையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார், விடவில்லை.

ஒன்று மட்டும் அவரால் முடியவில்லை. ஆய்வேட்டின் தலைப்பு பல்கலைக்கழகத்தில் பதிவாகிவிட்டது. அதுவும் இதே ரகம், 19 சொல். மாற்ற வேண்டுமானால் நெறியாளர் கையெழுத்து, குழு ஒப்புதல், கட்டணம் என்று போகும். "அது அப்படியே இருக்கட்டும் ஐயா, அதிலிருந்து எடுக்கிற கட்டுரைக்கெல்லாம் இப்படி வெச்சுக்கறேன்" என்றார். கடைசியாகக் கோப்பை அனுப்பும் முன் பிடிஎஃப்பின் பண்புகள் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். தலைப்பு என்ற கட்டத்தில் இப்படி இருந்தது:

```
Microsoft Word - final_new_2_corrected.doc
```

அதை அழித்துவிட்டு எட்டுச் சொல்லையும் அங்கே ஒட்டினார்.